லோன் விழுந்த நாளுக்கும் முதல் இஎம்ஐக்கும் நடுவுல ஓடுற வட்டி: 2,712 ரூபா கணக்கு

கேள்வி: சார், எனக்கு ஊரு ஈரோடு, வயசு 26. அக்கா கல்யாணத்துக்காக ஒரு பேங்க்ல 3 லட்சம் பர்சனல் லோன் போட்டேன், இதான் என் முதல் லோன். வட்டி 15%, 36 மாசம், இஎம்ஐ 10,400. போன 2025 ஆகஸ்ட் 14-ம் தேதி ஓடிபி போட்டு அக்ரிமென்ட் முடிச்சாச்சு, ஆனா பணம் 18-ம் தேதி சாயங்காலம்தான் அக்கவுண்ட்ல விழுந்துச்சு, அதுவும் 2,90,208 ரூபாதான். பிராசஸிங் ஃபீஸ், ஜிஎஸ்டி சேத்து 7,080 பிடிப்போம்னு முன்னாடியே சொன்னாங்க, அது சரி. மீதி 2,712 எதுக்குன்னு கேட்டா 'ப்ரோக்கன் பீரியட் இன்ட்ரஸ்ட்'ங்கறாங்க. முதல் இஎம்ஐயே அக்டோபர் 5-தான். இஎம்ஐக்குள்ளயே வட்டி இருக்குல்ல சார், அப்புறம் எதுக்கு தனியா ஒரு வட்டி? ஏமாத்துறாங்களா?

பதில்:

தம்பி, மொத்தமா ஏமாத்துறாங்கன்னு சொல்ல முடியாது. அந்த 2,712-ல 2,219 ரூபா நீங்க நியாயமா கட்ட வேண்டியதுதான். மிச்சம் 493 ரூபாதான் இடிக்குது. அது எப்படி வந்துச்சுன்னு எனக்கு ஓரளவு தெரியுது, ஏன்னா லோன் டிபார்ட்மென்ட்ல உக்காந்து இதே கணக்கை வருஷக்கணக்கா போட்டவன் நான்.

மொதல்ல உங்க அடிப்படை சந்தேகத்துக்கு வரேன். இஎம்ஐக்குள்ள வட்டி இருக்குங்கறது சரிதான், ஆனா எத்தனை நாளுக்கான வட்டி இருக்குன்னு பாக்கணும். 10,400-ங்கற நம்பரை கண்டுபிடிக்கிற கணக்கு ஒரு விஷயத்தை நம்பித்தான் ஓடுது, அதாவது பணம் கைக்கு வந்து சரியா ஒரு மாசம் கழிச்சு முதல் தவணை, அதுக்கப்புறம் ஒவ்வொரு மாசமும் ஒண்ணு, அப்படி 36. உங்க அக்டோபர் 5 இஎம்ஐக்குள்ள இருக்கற வட்டி 3,750 ரூபா. 3 லட்சத்துக்கு 15% வட்டின்னா வருஷத்துக்கு 45,000, அதை 12-ஆல வகுத்தா 3,750. அது ஒரே ஒரு மாசத்து வட்டி, செப்டம்பர் 5-லருந்து அக்டோபர் 5 வரைக்கும்தான். ஆனா பணம் உங்ககிட்ட ஆகஸ்ட் 18-லருந்தே இருக்கு. 18-லருந்து அக்டோபர் 5 வரைக்கும் எண்ணிப் பாருங்க, 48 நாள் வரும். அதுல கடைசி 30 நாளுக்கு இஎம்ஐயில வட்டி கட்டிடறீங்க, முன்னாடி இருக்கற 18 நாள் எந்த இஎம்ஐயிலயும் வராது. அந்த உதிரி நாளுக்கான வட்டியைத்தான் ப்ரோக்கன் பீரியட் இன்ட்ரஸ்ட்னு சொல்றாங்க, சில பேங்க் ஸ்டேட்மென்ட்ல பிபிஐன்னு சுருக்கி போட்டிருப்பாங்க, சில பேர் கேப் இன்ட்ரஸ்ட்ம்பாங்க. இன்னும் சிலர் இதையே ப்ரீ இஎம்ஐன்னும் சொல்லி குழப்புவாங்க, ஆனா ப்ரீ இஎம்ஐங்கறது உண்மையில வீட்டு லோன் சமாச்சாரம், வீடு கட்டக் கட்ட பணத்தை தவணையா விடும்போது விட்ட பணத்துக்கு மட்டும் மாசாமாசம் கட்டற வட்டி. அது வேற, இங்க அதை இழுக்க வேண்டாம்.

அப்போ ஏன் செப்டம்பர் 5-லயே முதல் இஎம்ஐ வெக்கலன்னு கேப்பீங்க. ஒவ்வொரு பேங்க்கும் ஒரு கட்-ஆஃப் தேதி வெச்சிருக்கும், பல இடத்துல 15, சில இடத்துல 20. அதுக்குள்ள பணம் போயிருந்தா அடுத்த மாசம் 5-ம் தேதி முதல் தவணை, அதைத் தாண்டிட்டா அதுக்கடுத்த மாசம். உங்க அக்கவுண்ட்லருந்து தானா பணம் எடுக்கறதுக்கு நாச் மேண்டேட்னு ஒண்ணு ரெஜிஸ்டர் ஆகணும், அதுக்கும் சில நாள் ஆகும், அதனால ரொம்ப கிட்டக்க தேதி வெச்சா வெறுங்கையோட பவுன்ஸ் ஆகிடும்னு பேங்க்குக்கும் பயம். 18-ம் தேதி வந்த உங்க லோன் கட்-ஆஃபை தாண்டிடுச்சு, அதான் அக்டோபர். நீங்க இஎம்ஐ தேதியை 5-க்கு பதிலா 18-ன்னு வாங்கியிருந்தா இந்த உதிரி நாளே வந்திருக்காது, ஆனா பெரும்பாலான பேங்க் 5, 10 மாதிரி ரெண்டு மூணு தேதிதான் குடுக்கும், நம்ம இஷ்டத்துக்கு கிடைக்காது.

இப்போ அந்த 493-க்கு வரேன், என் பதில்ல முக்கியமான இடம் இதுதான். பேங்க் சொல்ற தொகையை அப்படியே நம்பாதீங்க, சண்டைக்கும் போகாதீங்க, ஒரு நாள் வட்டி எவ்வளவுன்னு கண்டுபிடிச்சு அந்த தொகையை அதால வகுத்துப் பாருங்க, எத்தனை நாளுக்கு பிடிச்சிருக்காங்கன்னு அதுவே சொல்லிடும். வருஷத்துக்கு 45,000-ன்னு பாத்தோம்ல, அதை 365-ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 123 ரூபா 29 பைசா. உங்க 2,712-ஐ 123.29-ஆல வகுத்தா கிட்டத்தட்ட அப்படியே 22 வருது. ஆக உங்ககிட்ட 22 நாளுக்கு பிடிச்சிருக்காங்க. செப்டம்பர் 5-லருந்து 22 நாள் பின்னாடி போனா எங்க போய் நிக்கும்? ஆகஸ்ட் 14. நீங்க ஓடிபி போட்ட நாள்.

நடந்தது இதுவாத்தான் இருக்கணும். 14-ம் தேதி வியாழக்கிழமை நீங்க அக்ரிமென்ட் முடிச்ச உடனே சிஸ்டத்துல லோன் அக்கவுண்ட் ஓப்பன் ஆகி வட்டி மீட்டர் ஓட ஆரம்பிச்சிருக்கு. அடுத்த நாள் வெள்ளி சுதந்திர தினம், சனிக்கிழமை கிருஷ்ண ஜெயந்தி, அப்புறம் ஞாயிறு. பணத்தை ரிலீஸ் பண்ற ஆள் திங்கக்கிழமை 18-ம் தேதி வந்துதான் பட்டனை அமுக்கியிருக்கார். நெஃப்ட் எல்லாம் இப்போ லீவு நாள்லயும் 24 மணி நேரமும் ஓடுது, ஆனா அதை அமுக்கற மனுஷனுக்கு லீவு உண்டே. அவங்க லீவு எடுத்த நாளுக்கு வட்டி உங்க தலையில விழுந்திருக்கு, 4 நாள், 493 ரூபா.

இது கூடாதுன்னு ரிசர்வ் வங்கியே எழுத்துல சொல்லியிருக்கு. 2024 ஏப்ரல் 29-ம் தேதி எல்லா பேங்க்குக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை விட்டாங்க. ஆய்வுக்கு போன இடங்கள்ல சில பேர் லோன் சாங்ஷன் ஆன தேதியிலருந்தோ அக்ரிமென்ட் கையெழுத்தான தேதியிலருந்தோ வட்டி போடறாங்க, பணம் நிஜமா போன தேதியிலருந்து போடல, செக்கா குடுக்கறப்ப செக்ல இருக்கற தேதியிலருந்தே வட்டி ஓடுது, ஆனா செக்கு வாங்கறவன் கைக்கு பல நாள் கழிச்சுத்தான் போகுது, இதெல்லாம் வாடிக்கையாளர்கிட்ட நியாயமா நடந்துக்கற முறையில்லன்னு சொல்லி, அதிகமா வாங்கினதை திருப்பிக் குடுக்க வெச்சாங்க. உங்க கேஸ் அதுல மொதல் ரகம், அப்படியே பொருந்துது.

அதே சுற்றறிக்கையில இன்னொண்ணும் இருக்கு, உங்களுக்கு நேரா பொருந்தாது ஆனா தெரிஞ்சு வெச்சுக்கோங்க, ஏன்னா கட்-ஆஃபுக்கு உள்ள லோன் வாங்கறவங்களுக்கு அது நடக்கும். நம்ம ஊரு அடகுக்கடையில நகையை வெச்சு அஞ்சு நாள்ல மீட்டாலும் ஒரு மாச வட்டியை முழுசா எடுத்துப்பாங்கல்ல, அதே பழக்கம் சில லோன் கம்பெனிக்கும் உண்டு. உங்க லோனே ஆகஸ்ட் 12-ம் தேதி வந்து செப்டம்பர் 5-ல முதல் இஎம்ஐ வெச்சிருந்தா நடுவுல 24 நாள்தான், வட்டி 2,959 தான் வரணும். அங்க முழு மாச வட்டி 3,750-ன்னு எழுதினா 791 ரூபா சும்மா போகுது. பணம் வெளிய இருந்த நாளுக்கு மட்டும்தான் வட்டி, முழு மாசத்துக்கு போடாதேன்னு அதையும் ரிசர்வ் வங்கி தப்புன்னுதான் சொல்லியிருக்கு.

வகுத்துப் பாக்கும்போது முழு நாளா வராம 21.7 மாதிரி ஏதாவது வந்தா உடனே குழம்பிடாதீங்க. சில இடத்துல வருஷத்துக்கு 360 நாள்னு வெச்சு கணக்கு போடுவாங்க, அப்போ உங்க லோனுக்கு ஒரு நாள் வட்டி 125 ரூபா ஆகும், அதால வகுத்துப் பாருங்க முழு நம்பர் வருதான்னு. ரெண்டுலயும் வரலைன்னா அந்த தொகைக்குள்ள வேற எதையோ சேத்திருக்காங்கன்னு அர்த்தம். சில சமயம் ஜிஎஸ்டியைக்கூட சேத்து வெச்சிருப்பாங்க, அது தப்பு, லோன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது, பிராசஸிங் ஃபீஸ் மாதிரி கட்டணத்துக்குத்தான் 18%. இன்னொரு சின்ன தகராறு, பணம் வந்த நாள், தவணை நாள் ரெண்டையும் சேத்து எண்ணுறது. ரெண்டுல ஒரு முனையைத்தான் எண்ணணும். உங்களுக்கு ரெண்டையும் எண்ணியிருந்தா 18-க்கு பதிலா 19 வந்து 2,342 ஆயிருக்கும், ஒரு நாள் வட்டி கூடுதல்.

அடுத்தது ரெண்டு தடவை வாங்கறாங்களான்னு பாக்கணும், உங்க நிஜமான பயமும் அதுதானே. அதுக்கு லோன் ஷெட்யூலை எடுத்து மொதல் வரியை மட்டும் பாருங்க, அமார்டைசேஷன் ஷெட்யூல்னு பேங்க்ல குடுத்திருப்பாங்க. ஆரம்பத்துல அசல் 3,00,000, மொத இஎம்ஐ 10,400, அதுல வட்டி 3,750, அசல்ல கழியறது 6,650, மீதி அசல் 2,93,350. இப்படி இருந்தா சுத்தம், உதிரி நாள் வட்டி ஒரே தடவைதான் வாங்கியிருக்காங்க. ஆனா மொத வரியில வட்டி 5,969-ன்னோ மொத இஎம்ஐ 12,619-ன்னோ இருந்தா, அந்த 2,219-ஐ இஎம்ஐயிலயும் ஏத்தியிருக்காங்க, முன்னாடியே உங்ககிட்ட பிடிச்சும் இருக்காங்க, அங்கதான் நீங்க குரலை உயர்த்தணும்.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லியாகணும், எந்த வழியில வாங்கறாங்கங்கறதைப் பொறுத்து தொகை மாறும். உங்களுக்கு நடந்த மாதிரி குடுக்கும்போதே கழிச்சுக்கறது ஒரு வழி, மொத இஎம்ஐயோட சேத்து வாங்கறது இன்னொண்ணு. முன்னாடியே வாங்கிட்டாங்களேன்னு உங்களுக்கு வருத்தமா இருக்கும், 18 நாள் கழிச்சு தரவேண்டியதை மொத நாளே குடுத்ததால உங்களுக்கு உண்மையான நஷ்டம் ஒரு 16 ரூபா, அதை விட்டுடுங்க. மோசமான வழி எதுன்னா அந்த வட்டியை அசலோட சேத்து 3,02,219-ன்னு ஆக்கி அதுக்கு இஎம்ஐ போடறது. மாசத்துக்கு 77 ரூபாதானே கூடுதுன்னு தோணும், 36 மாசம் கட்டும்போது 2,219 ரூபாய்க்கு 2,769 ரூபா கட்டியிருப்பீங்க, வட்டிக்கு வட்டி. கைல முழுசா 3 லட்சம் வந்துச்சுன்னு சந்தோஷப்படறவங்க பல பேரு இதைத்தான் கவனிக்கறதில்ல.

நாலாவதா ஒரு வழி இருக்கு, அதுலதான் புதுசா லோன் வாங்கற பசங்க மாட்டறது. என் மச்சான் பைக் லோன் வாங்கினப்ப ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி இப்படித்தான் பண்ணுச்சு, மொத இஎம்ஐ ரெண்டு மாசம் கழிச்சுத்தான்னு வாயால சொன்னாங்க, ஆனா நடு மாசத்து 5-ம் தேதி உதிரி நாள் வட்டி அறுநூத்திச் சொச்சத்தை மட்டும் தனியா அக்கவுண்ட்லருந்து எடுக்க வந்தாங்க. இவன்தான் இன்னும் இஎம்ஐயே ஆரம்பிக்கலயேன்னு அக்கவுண்டை தொடச்சு வெச்சிருந்தான். பவுன்ஸ். லோன் கம்பெனி ஒரு பவுன்ஸ் சார்ஜ், இவன் சேவிங்ஸ் அக்கவுண்ட் இருக்கற பேங்க் ஒரு ரிட்டர்ன் சார்ஜ், ரெண்டும் சேந்து வட்டியை விட அதிகம். அப்புறம் சிபில் ரிப்போர்ட் எடுத்துப் பாத்தா மொத மாசமே லேட்டுன்னு பதிவாயிருக்கு, லோன் இன்னும் ஆரம்பிக்கலன்னு இவன் நினைச்சிட்டிருந்த மாசம் அது. உங்க கேஸ்ல முன்னாடியே கழிச்சதால இந்த ஆபத்து இல்ல, இருந்தாலும் செப்டம்பர் 5 அன்னிக்கு அக்கவுண்ட்ல ஒரு மூவாயிரம் ரூபா விட்டு வைங்க, சிஸ்டம் தெரியாம ஒரு தடவை எடுக்க வந்துட்டா கூட பவுன்ஸ் ஆகாது, எடுத்ததை அப்புறம் கேட்டு வாங்கிக்கலாம், பவுன்ஸ் ஆனதை அழிக்கறதுதான் கஷ்டம்.

இதெல்லாம் லோன் வாங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்க முடியுமான்னா, முடியும். 2024 அக்டோபர் 1-லருந்து சாங்ஷன் ஆகற எல்லா சில்லறை லோனுக்கும் கேஎஃப்எஸ், அதாவது கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்னு ஒரு தாள் குடுத்தே ஆகணும், நமக்கு புரியற மொழியில குடுக்கணும்னும் விதி இருக்கு, நீங்க தமிழ்ல கேக்கலாம். ஓடிபி போடறதுக்கு முன்னாடி ஒரு பிடிஎஃப் வந்திருக்கும், நம்மாளுங்க அதை திறக்காமலே 'ஐ அக்ரீ' அமுக்கறதுதான் வழக்கம். அதை இப்பவாவது திறங்க. வருஷாந்திர மொத்த செலவு விகிதம் அதாவது ஏபிஆர், அதை கணக்கு போட்ட விதம், கைக்கு வரப்போற நிகர தொகை, தவணை எப்போ ஆரம்பிக்குது எல்லாம் அதுல இருக்கும். கைக்கு வரப்போறதுன்னு அங்க போட்டிருக்கற தொகையையும் வந்த 2,90,208-ஐயும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. அந்த தாள்ல சொல்லாத எந்த கட்டணத்தையும் உங்க வெளிப்படையான சம்மதம் இல்லாம லோன் ஓடற காலம் முழுக்க வாங்கக்கூடாது.

சரி, இப்போ பண்ண வேண்டியது. பிராஞ்ச்ல நேர்ல போய் பேசினா 'சிஸ்டம்லயே அப்படித்தான் வருது தம்பி'ன்னு அனுப்பிடுவாங்க, நானும் அந்த பதிலை சொன்னவன்தான், பொய் இல்ல, அங்க உக்காந்திருக்கறவருக்கு நெஜமாவே மாத்த முடியாது. அதனால கஸ்டமர் கேர் இமெயிலுக்கு எழுத்துல அனுப்புங்க, கோவமா வேண்டாம், நாலு வரி போதும். என் லோன் நம்பர் இது, ப்ரோக்கன் பீரியட் இன்ட்ரஸ்ட்னு 2,712 பிடிச்சிருக்கீங்க, எந்த தேதியிலருந்து எந்த தேதி வரைக்கும், எத்தனை நாள், வருஷத்துக்கு 365-ஆ 360-ஆ, இதை தெரிவிக்கவும், என் அக்கவுண்ட்ல பணம் வரவானது ஆகஸ்ட் 18, ஸ்டேட்மென்ட் இணைச்சிருக்கேன், அந்த தேதிப்படி 18 நாளுக்கு 2,219 தான் வருது, மீதி 493-ஐ திருப்பவும். இவ்வளவுதான். பணம் வந்த வரி தெரியற மாதிரி பேங்க் ஸ்டேட்மென்ட்டை வெக்கறதுதான் முக்கியம், எஸ்எம்எஸ் ஸ்க்ரீன்ஷாட் பத்தாது, அந்த வரியில இருக்கற யுடிஆர், அதாவது அந்த ஒரு பணப் பரிமாற்றத்துக்குன்னே உள்ள தனி நம்பரை வெச்சு அவங்க எப்போ அனுப்பினாங்கன்னு அவங்களே பாத்துக்குவாங்க.

அவங்க தரப்புல ஒரு பதில் வரலாம், நாங்க 14-ம் தேதியே அனுப்பிட்டோம், நீங்க குடுத்த அக்கவுண்ட் நம்பரோ ஐஎஃப்எஸ்சியோ தப்பா இருந்ததால திரும்பி வந்து 18-ம் தேதி மறுபடி அனுப்பினோம்னு. அது நெஜமா இருந்தா உங்க வாதம் பலவீனம்தான், தப்பு நம்ம பக்கம் இருந்தா அந்த நாலு நாளை முழுசா அவங்க மேல தள்ள முடியாது. அப்போ திரும்பி வந்ததுக்கான ஆதாரத்தை கேளுங்க, அனுப்பினதுக்கும் திரும்பினதுக்கும் தேதியோட பதிவு இருக்கும். அது இல்லாம 'லோன் 14-ம் தேதி புக் ஆயிடுச்சு'ன்னு மட்டும் சொன்னா அது பதிலே இல்ல, புக் பண்றது அவங்க வீட்டு நோட்டுல எழுதறது, பணம் அன்னிக்கு அவங்ககிட்டயேதான் இருந்துச்சு.

முப்பது நாள்ல பதிலே வரலைன்னாலோ, வந்த பதில் மழுப்பலா இருந்தாலோ ரிசர்வ் வங்கியோட குறைதீர்ப்பு அதிகாரியான ஆம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம், cms.rbi.org.in-ல நீங்களே புகாரை பதிவு பண்ணலாம், காசு கிடையாது, வக்கீலும் தேவையில்ல. மொதல்ல பேங்க்குக்கு எழுதின இமெயில் இல்லாம நேரா அங்க போனா திருப்பி அனுப்பிடுவாங்க, அதனாலதான் எழுத்துல அனுப்பச் சொன்னேன். 493 ரூபாய்க்கு இவ்வளவு தூரம் போகணுமான்னா அது உங்க இஷ்டம், என்னைக் கேட்டா மொத இமெயிலோட பெரும்பாலும் முடிஞ்சிடும், அந்த தேதி கேள்வியை பாத்த உடனே உள்ள இருக்கறவங்களுக்கு விஷயம் தெரிஞ்ச ஆளுன்னு புரிஞ்சிடும். பணம் திருப்பறோம்னு சொன்னா லோன் அக்கவுண்ட்ல வரவு வெக்கப் போறாங்களா இல்ல உங்க சேவிங்ஸ் அக்கவுண்ட்லயான்னு கேட்டுக்கோங்க, லோன்ல வெச்சா அசல்ல கழியுதா இல்ல அடுத்த இஎம்ஐக்கு முன்பணமா கிடக்குதான்னு ஒரு மாசம் கழிச்சு ஸ்டேட்மென்ட் எடுத்து பாத்துக்கோங்க.